வெள்ளைப் பணியாரத்தில் ஏறிய எழுத்து

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், பலகாரத் தொழில் செய்யும் குழு ஒன்றின் உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

போன மாதக் கூட்டத்தில், பஜ்ஜி, வடையைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பது தப்பா, மை சாப்பாட்டில் இறங்குமா என்று ஒரு குழுவிலிருந்து கேட்டார்கள். அதற்கு எங்களைப் பதில் சொல்லச் சொன்னார்கள். நாங்கள் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அதனால் எங்கள் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். எங்கள் ஊர் செட்டிநாட்டுப் பக்கம். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் போட்டு வாரச் சந்தையில் விற்கிறோம், விசேஷ வீடுகளுக்கும் ஆர்டர் எடுக்கிறோம். வெள்ளைப் பணியாரத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பச்சரிசியை உழக்கில் தலை தட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்போம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, கொஞ்சம் பால், உப்பு, துளி சீனி சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஊற்றி ஒவ்வொன்றாக எடுப்போம். பேருக்கு ஏற்ற மாதிரி அது வெள்ளையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சிவந்துவிட்டால்கூட வாங்க வருகிற ஆச்சிமார் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு கல்யாண வீட்டுக்கு முந்நூறு பணியாரம் ஆர்டர் எடுத்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினோம். பெரிய பிரம்புக் கூடையில் பழைய பேப்பரை விரித்து, ஒரு அடுக்குப் பணியாரம், மேலே ஒரு பேப்பர், அதற்கு மேலே ஒரு அடுக்கு என்று சூட்டோடு சூடாக அடுக்கினோம். எண்ணெய் உறிஞ்ச வேண்டுமே என்று மேலே கையால் லேசாக அமுக்கியும் விட்டோம். கொண்டுபோய் இறக்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஆள் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் அந்த வீட்டு ஆச்சி ஒரு பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஏத்தா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு"ன்னு கேட்டார்கள். பணியாரத்தின் அடியில் சாம்பல் நிறத்தில், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தலைகீழாகத் திரும்பி, நாலைந்து எழுத்து. ஏதோ தங்கம் விலைச் செய்தி. அடி அடுக்கில் இருந்த அறுபதுக்கும் மேலே அப்படித்தான் இருந்தது. நடு அடுக்கில் எழுத்து தெரியவில்லை, ஆனால் மங்கலாகச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

முந்நூறுக்கும் காசு வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரும்போது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "இது வெள்ளையா இருந்ததால தெரிஞ்சிருச்சு. இத்தனை வருசமா மசாலா சீயத்தையும் வடையையும் இதே பேப்பர்லதானே கட்டிக் கொடுத்தோம். அதுல ஏறினது நம்ம கண்ணுக்குத் தெரியலையே." அந்தப் பேச்சுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. அதன் பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தோம். அச்சகத்தில் வேலை பார்த்தவரைக் கேட்டோம், உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனோம், படித்தவர்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் மை என்றால் என்ன என்று பார்ப்போம். பேப்பரில் அடிக்கிற கறுப்பு மையில் முக்கியமாக இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று கரிப்பொடி. விளக்குப் புகையில் படிகிற கரி மாதிரி மிக நைசான கரி. இன்னொன்று அந்தக் கரியைக் குழைத்து வைக்கிற எண்ணெய். அந்த எண்ணெய் நம் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மாதிரி வித்திலிருந்து வருவது இல்லை. பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்து எடுக்கிற பெட்ரோலியத்திலிருந்து வருவது. மண்ணெண்ணெய், டீசல், வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் இவற்றுக்கெல்லாம் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனிம எண்ணெய் என்று சொல்கிறார்கள். சில அச்சகங்களில் சோயா எண்ணெயில் செய்த மையும் உபயோகிக்கிறார்கள். ஆனால் கையில் கிடைக்கிற பழைய பேப்பர் எந்த மையில் அடித்தது என்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சோயா மை என்றாலும் அது சாப்பிடுவதற்காகச் செய்தது இல்லை.

இந்த மை காய்கிற விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. சுவருக்குப் பெயிண்ட் அடித்தால் அது காய்ந்து தோல் மாதிரி பிடித்துக்கொள்கிறது, பிறகு கையில் ஒட்டாது. பேப்பர் மை அப்படிக் காய்வதில்லை. அச்சு யந்திரம் ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் பிரதி தள்ளுகிறது, காய வைக்க நேரமே கிடையாது. அதனால் மையில் இருக்கிற எண்ணெய், சொரசொரப்பான அந்தக் காகிதத்துக்குள் ஊறி இறங்கிவிடுகிறது. கரி மேலே தங்கிவிடுகிறது. பார்க்கக் காய்ந்த மாதிரி தெரியும், உண்மையில் எண்ணெய் காகிதத்துக்குள் எண்ணெயாகவேதான் இருக்கிறது. காலையில் பேப்பர் படித்தவர் கைவிரல் கறுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மாதம் கழித்து அதே பேப்பரை எடுத்துத் துடைத்தாலும் விரலில் கறுப்பு வரும்.

இப்போது அதன் மேல் சுடச்சுட ஒரு வடையை வைக்கிறோம். எண்ணெய் எண்ணெயோடு சேரும், இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. கையில் கிரீஸ் ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் போகாது, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போகும் என்பது நமக்குத் தெரியும். அதே மாதிரிதான் இங்கேயும். வடையில் இருக்கிற எண்ணெய் காகிதத்துக்குள் இறங்கி, அங்கே இருக்கிற மை எண்ணெயைக் கரைக்கிறது. சூடு இருந்தால் இரண்டும் தண்ணீர் மாதிரி இளகி ஓடும், அதனால் இன்னும் வேகமாக நடக்கிறது. காகிதம் கண்ணாடி மாதிரி ஊறித் தெரிகிறதே, அந்த இடத்தில் வடை எண்ணெயும் மை எண்ணெயும் கலந்து நிற்கிறது என்று அர்த்தம்.

"சரி, காகிதம்தானே எண்ணெயை உறிஞ்சுது, வடைக்கு என்ன வந்தது?" என்று எங்களில் ஒரு அக்கா கேட்டார்கள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் கேட்டபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. பலகாரம் வாணலிக்குள் இருக்கும்போது அதிலிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, சலசலவென்று கொப்புளிக்கிறதே அதுதான். ஆவி வெளியே வருகிற வரைக்கும் எண்ணெய் உள்ளே அவ்வளவாகப் போக முடியாது. வெளியே எடுத்த பிறகு ஆறும்போது உள்ளே இருக்கிற ஆவி தண்ணீராகச் சுருங்குகிறது. உள்ளே இடம் காலியாகிறது. அப்போது மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயைப் பலகாரம் உள்ளே இழுக்கிறது. ஆக, நாம் பேப்பரில் வைக்கிற அந்த நேரம்தான் பலகாரம் எண்ணெய் குடிக்கிற நேரம். மையைத் தொட்டு வந்த எண்ணெயும் அதோடு சேர்ந்து உள்ளே போகிறது. மேலே ஒரு பேப்பரை வைத்து அமுக்கினால் கேட்கவே வேண்டாம். நாங்கள் அன்றைக்குச் செய்தது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு கரிப்பொடி மட்டும்தான். மை எண்ணெய்க்கு நிறம் அவ்வளவாகக் கிடையாது. கறுப்பு ஒட்டவில்லை, அதனால் மை இறங்கவில்லை என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். எழுத்தே இல்லாத ஓரத்தை மட்டும் கத்தரித்து உபயோகிக்கலாமே என்று நாங்களும் யோசித்தோம். கட்டுக்கட்டாக ஒன்றின் மேல் ஒன்று அழுத்திக் கிடக்கிற காகிதம், பக்கத்துத் தாளில் இருக்கிற எண்ணெய் இந்த ஓரத்துக்கும் வந்துவிடும். பேப்பருக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு அதில் வைத்தாலும் அதே கதைதான். மெல்லிய தாள் வழியாக எண்ணெய் வந்துவிடுகிறது.

சூடு இருந்தால்தான் இறங்கும் என்றும் நினைக்காதீர்கள். சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிச் நகரத்து உணவுப் பரிசோதனைக் கூடத்தில் 2010 வாக்கில் கடையில் விற்கிற அட்டைப் பெட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். அதில் அரிசி, சேமியா மாதிரி உலர்ந்த சாமான்தான் இருந்தது. எண்ணெயும் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் பழைய பேப்பரைக் கூழாக்கிச் செய்த அட்டைப் பெட்டியிலிருந்து அந்த மை எண்ணெய் உள்ளே இருந்த சாமானில் ஏறியிருந்தது. கூழாக்கி, அலசி, மறுபடி அட்டையாக்கிய பிறகும் அது போகவில்லை. மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்ததால் வாடை மாதிரி பரவிப் போய் ஏறிவிட்டது. இதை எதற்குச் சொல்கிறோம் என்றால், நம்மில் முறுக்கு, அதிரசம் போடுகிற குழுக்கள் டின்னுக்கு அடியில் பேப்பர் விரித்து, மூடிக்கு அடியிலும் பேப்பர் வைக்கிறோம். பஜ்ஜி பத்து நிமிஷம்தான் பேப்பரில் இருக்கும். முறுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதிரசம் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கிற பண்டம். எங்களைக் கேட்டால் முதலில் மாற்ற வேண்டியது டின்னுக்குள் இருக்கிற பேப்பரைத்தான். அதை யாரும் கவனிப்பதே இல்லை.

இதனால் உடம்புக்கு என்ன ஆகும்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பேப்பரில் வைத்த ஒரு பஜ்ஜியைச் சாப்பிட்டவுடன் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வராது. நாங்களும் நாற்பது வருஷமாகச் சாப்பிட்டவர்கள்தான். பயமுறுத்த வரவில்லை. ஆனால் அந்தக் கனிம எண்ணெய் எல்லாமே ஒரே வகை இல்லை. ஒரு வகை உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாமல் கொழுப்பிலும் ஈரலிலும் தங்குகிறது. இன்னொரு வகையில் ஒரு பகுதி, உடம்பின் அணுக்களைக் கெடுத்துப் புற்றுநோய்க்கு வழி பண்ணக்கூடியது என்று ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2012-லும், மறுபடி ஆராய்ந்து 2023-லும் கவலை தெரிவித்திருக்கிறது. இந்த மாதிரிப் பொருளுக்கு, இவ்வளவு வரைக்கும் சாப்பிடலாம், அதற்கு மேல்தான் கெடுதல் என்று கோடு கிழிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் சேர்வதுதான் கணக்கு.

அப்படிப் பார்த்தால் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினம் ஒரு வடை வாங்கித் தின்கிற பிள்ளைகள். அறுபது கிலோ எடை உள்ள ஆளும் பதினைந்து கிலோ எடை உள்ள பிள்ளையும் ஒரே அளவு வடை தின்றால், எடைக்கு எடை பார்க்கும்போது பிள்ளை உடம்பில் சேர்வது நாலு மடங்கு. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளைகள். அதில் எங்கள் பிள்ளைகளும் உண்டு.

"பேப்பர் மையில ஈயம் இருக்குதாமே" என்று நிறையப் பேர் சொல்வார்கள். இதில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எழுத்துக் கோத்து அச்சடிப்பார்கள். அந்த எழுத்துக் கட்டை ஈயம் கலந்து வார்த்தது. கறுப்பு மை அப்போதும் கரிதான். ஈயச் சத்து இருந்தது முக்கியமாகச் சில வண்ண மைகளில், மஞ்சள், ஆரஞ்சு மாதிரி நிறங்களில். இன்றைக்கு எந்தப் பேப்பரில் எவ்வளவு என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில் விட்ட எச்சரிக்கையில் ஈயம் உள்பட உலோகங்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. வண்ணப் படம் போட்ட பக்கத்தில் மை கூடுதலாக அப்பியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிருமி விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பழைய பேப்பர் கடையில் அது எங்கே கிடந்தது, அதன் மேல் எது ஓடியது என்று நமக்கே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? அதே ஆணையம் 2016 டிசம்பரில், பேப்பரில் உணவு கட்டக் கூடாது என்று முதலில் அறிவுரையாகச் சொன்னது. பிறகு 2018-ல் உணவு கட்டும் பொருட்களுக்கென்று தனி விதிமுறை வந்தது. அதில் செய்தித்தாளையும் அது போன்ற தாள்களையும் உணவு வைக்கவோ மடிக்கவோ கூடாது என்று போட்டுவிட்டார்கள். 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அது போன்ற தாள் என்றால், பிள்ளைகள் எழுதிப் போட்ட நோட்டுத் தாள், பரீட்சைப் பேப்பர், வாரப் பத்திரிகையின் வழவழப்பான தாள், பழைய காலண்டர் எல்லாமே அதில் அடங்கும் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இதில் நமக்கு ஒரு இக்கட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவு மடிக்கிற பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப் எல்லாம் தடை. அப்போது பிளாஸ்டிக்கை விட்ட பல கடைகள் நேராகப் பேப்பருக்குத்தான் போனார்கள். நாங்களும் அப்படித்தான். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றுக்குப் போவது, அதையும் தடுத்தால் எங்கே போவது என்று கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்னும் நினைக்கிறோம்.

கல்யாண வீட்டு விஷயத்துக்குப் பிறகு குழுக் கூட்டத்தில் நாங்களே ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம், செலவே கிடையாது. ஒரு குழிக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கினோம். பேப்பரில் பெரிய தலைப்பு எழுத்து உள்ள இடம், வண்ணப் படம் உள்ள இடம், எழுத்தே இல்லாத ஓரம் என்று மூன்று துண்டு வெட்டினோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சூடான எண்ணெயை ஊற்றி, மேலே பழைய வெள்ளை வேட்டித் துணியை மடித்து வைத்து, அதன் மேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பிப் பாரமாக வைத்தோம். பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் தலைப்பு எழுத்து அப்படியே திரும்பித் துணியில் விழுந்திருந்தது. படம் இருந்த இடத்தில் அழுக்குச் சிவப்பும் நீலமுமாகக் கறை. ஓரத் துண்டில் வெறும் எண்ணெய்க் கறைதான், கறுப்பு இல்லை. நிறம் இல்லாத எண்ணெயைத் துணி காட்டாது என்று முன்னாலேயே சொன்னோம் இல்லையா, அதனால் அந்த மூன்றாவது துண்டைப் பார்த்து யாரும் திருப்திப்பட வேண்டாம். வாழை இலையிலும் இதே மாதிரி வைத்துப் பார்த்தோம். துணியில் கொஞ்சம் பச்சை வந்தது, அவ்வளவுதான்.

சரி, இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம். பேப்பரை விட மனசு வராததற்கு ஒரே காரணம் அது எண்ணெயை உறிஞ்சுகிறது என்பதுதான். அதனால் முதலில் எண்ணெயை வடிக்கிற வேலையைச் சரி பண்ணினோம். ஆறும்போதுதான் எண்ணெய் உள்ளே போகிறது என்று தெரிந்த பிறகு, எடுத்த முதல் ஒரு நிமிஷம்தான் முக்கியம் என்று புரிந்தது. முன்பெல்லாம் எடுத்தவுடனே கூடையில் கொட்டுவோம். இப்போது அரிகரண்டியில் எடுத்து, வாணலி விளிம்பில் சாய்த்துப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டி, பத்து எண்ணுகிற வரைக்கும் பிடிக்கிறோம். பிறகு கம்பி வலைத் தட்டில் குவிக்காமல் சாய்த்து நிறுத்தி வைக்கிறோம், தட்டுக்கு அடியில் ஒரு பாத்திரம். நூறு பணியாரத்துக்கு அந்தப் பாத்திரத்தில் சேர்கிற எண்ணெயைப் பார்த்தால், இத்தனை நாளும் இதைப் பேப்பருக்குக் கொடுத்தோமே என்று இருந்தது. எண்ணெய் சரியாகக் காயாமல் மாவை ஊற்றினால் எந்த வடிதட்டாலும் பிரயோஜனம் இல்லை, அது குடித்துக்கொண்டே வரும். ஒரு சொட்டு மாவை விட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு.

பத்து நிமிஷம் ஆறினால் போதும். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்துப் பலகாரம் சவசவத்துவிடும். இலையில் கட்டினால் இது இன்னும் அதிகம், பேப்பர் மாதிரி இலை ஈரத்தை உறிஞ்சாது. ஆரம்பத்தில் எங்களுக்கு வந்த குறையே இதுதான். இலைக்கு மாறினவுடன் "வடை நமத்துப் போச்சு" என்று சொன்னார்கள். இலையின் மேல் குற்றமில்லை, எங்கள் அவசரம்தான்.

சந்தையில் அங்கேயே நின்று சாப்பிடுகிறவர்களுக்கு வாழை இலைத் துண்டு. கட்டிக் கொண்டுபோகிறவர்களுக்கு இலையை அனலில் லேசாக வாட்டி, ஈரத்துணியால் துடைத்து மடிக்கிறோம். வாட்டாமல் மடித்தால் நரம்போடு கிழிந்துவிடும். மந்தாரை இலை கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு இன்னும் சௌகரியம், தைத்துக் காயவைத்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கள் பாட்டிமார் காலத்தில் எல்லாம் இலைதான், பேப்பர் நடுவில் வந்ததுதான்.

இலை கிடைக்காத வெயில் காலத்துக்கு, அச்சடிக்காத வெள்ளைத் தாள் வாங்குகிறோம். வாங்கும்போது உணவு மடிக்கிற தாளா, புதுக் கூழில் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். சாம்பல் நிறமாக, உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரிகிற மலிவான தாள் பழைய பேப்பரைக் கூழாக்கிச் செய்ததாக இருக்கும். அதை வாங்கினால் சுற்றிச் சுற்றி அதே மைதான். உள்ளே வெள்ளிப் பூச்சோ பளபளப்போ உள்ள தாளையும் தொடுவதில்லை, அதில் பிளாஸ்டிக் இருக்கும்.

காசுக் கணக்கு கேட்பீர்கள். பழைய பேப்பர் கிலோ இருபத்தைந்து ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு பக்கத்தை நாலாக வெட்டினால் கிலோவுக்கு நானூறு துண்டுக்கு மேல் வரும், ஒரு துண்டு ஆறு பைசா. வெள்ளைத் தாள் எங்களுக்கு கிலோ நூற்று முப்பது ரூபாய், ஐந்நூறு துண்டு போல வருகிறது, ஒன்று இருபத்தாறு பைசா. ஒரு பொட்டலத்துக்கு இருபது பைசா கூடுதல். நாலு பணியாரம் வைத்த பொட்டலம் நாற்பது ரூபாய்க்குப் போகிறது. ஒரு சந்தைக்கு நூற்றைம்பது பொட்டலம் என்றால் முப்பது ரூபாய் அதிகச் செலவு. குழுவில் இதற்கு ஒரு மாதம் சண்டை போட்டோம் என்றால் நம்புவீர்களா? பிறகு வடிதட்டில் மிச்சமாகிற எண்ணெயை அளந்து பார்த்த பிறகுதான் சண்டை நின்றது. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

முறுக்கு டின்னில் இப்போது ஒன்றுமே விரிப்பதில்லை. எவர்சில்வர் டின்னைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, நேராக அடுக்குகிறோம். பேப்பர் விரித்தால்தான் நமக்காது என்று ஒரு நம்பிக்கை. மூடி இறுக்கமாக இருந்தால் எதுவும் வேண்டாம். அதிரசத்துக்கு மட்டும் அடுக்குக்கு அடுக்கு அந்த வெள்ளைத் தாள்.

வாடிக்கையாளர்களில் ஒரு சிலர் இன்னும் "பேப்பர் குடுங்க, எண்ணெய் பிழியணும்" என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் கேட்டால் எங்களால் முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை. அதற்காக அந்த எண்ணெய்க் கறைத் துணியை, தலைப்பு எழுத்து திரும்பி விழுந்ததை, ஒரு அட்டையில் ஒட்டிக் கடையில் மாட்டி வைத்திருக்கிறோம். கேட்பவர்களுக்கு அதைக் காட்டிவிட்டு இலையை நீட்டுகிறோம். இன்றைக்கும் கொண்டுவந்திருக்கிறோம், பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, கையோடு கை மாற்றிப் பாருங்கள். கறை படாமல் ஓரத்தைப் பிடியுங்கள்.

அந்தக் கல்யாண வீட்டு ஆச்சி போன தை மாதம் பேத்தி காது குத்துக்கு மறுபடி ஆர்டர் கொடுத்தார்கள். இருநூறு பணியாரம். இலை விரித்த கூடையில் கொண்டுபோனோம். ஆச்சி முதலில் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சட்னி எங்கே என்று கேட்டார்கள்.